பிரவுசர் யாரிடம் முகவரி கேட்கிறது?

பள்ளிக்கூடத்துக் கணினி ஆய்வகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே ரூட்டர் வழியாகத்தான் இணையத்துக்குப் போகின்றன. சூதாட்டத் தளங்கள், ஆபாசத் தளங்கள், வைரஸ் பரப்பும் தளங்கள் ஆகியவற்றின் பெயர்ப் பட்டியல் அந்த ரூட்டரில் இருக்கிறது. பட்டியலில் உள்ள எதைத் திறக்க முயன்றாலும் பக்கம் வராது. ஒருநாள், ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் அந்தத் தளங்கள் தாராளமாகத் திறக்கின்றன. ரூட்டரின் பதிவேட்டைப் பார்த்தால் தடுத்ததாகவும் இல்லை, அனுமதித்ததாகவும் இல்லை. அந்தப் பெயரை அந்தக் கம்ப்யூட்டர் ரூட்டரிடம் கேட்கவே இல்லை.

யாரும் திருட்டு மென்பொருள் எதையும் அதில் ஏற்றவில்லை. பயர்பாக்ஸ் பிரவுசரின் அமைப்புகளில் ஒரே ஒரு தெரிவு மாறியிருக்கிறது.

ஒரு தளத்தின் பெயரை நாம் தட்டச்சு செய்ததும், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது டி.என்.எஸ். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த முறை இது. நம் கம்ப்யூட்டர் வழக்கமாக இந்தக் கேள்வியை ரூட்டரிடமோ, இணைய சேவை நிறுவனத்தின் சர்வரிடமோ 53 என்ற எண் கொண்ட போர்ட் வழியாக அனுப்பும். கேள்வியும் பதிலும் எந்த மறைப்பும் இல்லாத வெறும் எழுத்துகள். இடையில் இருக்கும் எவரும் படிக்கலாம், பதிலை மாற்றியும் அனுப்பலாம். பள்ளியின் வடிகட்டி நிற்பது இந்தத் திறந்த தன்மையின் மேல்தான். சூதாட்டத் தளத்தின் முகவரியைக் கேட்டால், ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று ரூட்டர் பொய் சொல்கிறது. பிரவுசரும் அதை நம்பிவிடுகிறது. தளத்துக்குப் போகும் பாதையை யாரும் அடைக்கவில்லை. முகவரியை மட்டும்தான் மறைத்திருக்கிறார்கள்.

இதே திறந்த தன்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு வீட்டில் இருப்பவர்கள் எந்த நோயைப் பற்றித் தேடுகிறார்கள், எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார்கள், எந்தக் கட்சியின் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பதெல்லாம் இணைய சேவை நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். அமெரிக்காவில் அந்த நிறுவனங்கள் வாடிக்கையாளரின் இணையப் பழக்கங்களை அனுமதியின்றிப் பயன்படுத்துவதற்கு எதிராக வகுக்கப்பட்ட விதிகளை 2017-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் ரத்து செய்தது. டி.என்.எஸ். கேள்விகளைப் பூட்டி அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கைக்கு அங்கே வலு கூடியதில் வியப்பில்லை.

பூட்டி அனுப்பும் முறை ஒன்று அதற்கு முன்பே இருந்தது. 2016-ல் வந்த அந்த முறை 853 என்ற தனி போர்ட்டைப் பயன்படுத்தியது. நெட்வொர்க் நிர்வாகிகளுக்கு அதில் சிக்கல் இல்லை. அந்த ஒரு போர்ட்டை அடைத்தால் போதும். 2018 அக்டோபரில் RFC 8484 என்ற ஆவணமாக வெளிவந்த ‘டி.என்.எஸ். ஓவர் எச்.டி.டி.பி.எஸ்.’, சுருக்கமாக டி.ஓ.எச்., நிலைமையை முற்றிலும் மாற்றியது. இதில் டி.என்.எஸ். கேள்வி, சாதாரண இணையப் பக்கத்தைக் கேட்பதுபோலவே மறையாக்கம் செய்யப்பட்டு 443-ஆம் போர்ட் வழியாகப் போகிறது. வங்கித் தளமும் மின்னஞ்சலும் அரசு இணையதளங்களும் போகிற அதே போர்ட். அதை அடைத்தால் ஆய்வகத்தில் எதுவுமே திறக்காது.

அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் யாரிடம் முகவரி கேட்பது என்பதை நெட்வொர்க் சொல்லும், இயங்குதளம் கேட்டுக்கொள்ளும், பிரவுசர் இயங்குதளத்தைப் பின்பற்றும். டி.ஓ.எச். வந்தபின் பிரவுசரே தனக்கென ஒரு சர்வரைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. பள்ளியின் ரூட்டர் கொடுத்த டி.என்.எஸ். முகவரியை அது பொருட்படுத்துவதே இல்லை. மறையாக்கத்தை விட இந்த அதிகார மாற்றம்தான் நிர்வாகிகளை உண்மையில் பதற வைத்தது.

பிரிட்டனில் இது வெளிப்படையான சண்டையாகவே வெடித்தது. அங்குள்ள பெரிய இணைய சேவை நிறுவனங்கள் குழந்தைகளுக்கான வடிகட்டிகளை வீடுகளுக்குத் தருகின்றன. 2019 ஜூலையில் அந்த நிறுவனங்களின் சங்கம், பயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவை ‘இணைய வில்லன்’ விருதுக்கு முன்மொழிந்தது. கடும் எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. பிரிட்டனில் டி.ஓ.எச்.சைத் தானாக இயக்கும் திட்டம் இல்லை என்று மொசில்லா தெளிவுபடுத்தியது. அமெரிக்காவில் 2020 பிப்ரவரியில் அதைத் தானாகவே இயங்கும்படி விடத் தொடங்கியது. கேள்விகள் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சர்வருக்குப் போயின.

அப்போது மொசில்லா நெட்வொர்க் நிர்வாகிகளுக்காக ஒரு கதவைத் திறந்து வைத்தது. டி.ஓ.எச்.சைத் தானாக இயக்குவதற்கு முன், use-application-dns.net என்ற பெயரின் முகவரியைப் பயர்பாக்ஸ் வழக்கமான டி.என்.எஸ்.ஸிடம் கேட்கும். ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ (திரையில் NXDOMAIN என்று தெரியும்) என்ற பதில் வந்தால், இங்கே வடிகட்டி இருக்கிறது என்று புரிந்துகொண்டு ஒதுங்கிவிடும். பள்ளி ரூட்டரில் dnsmasq ஓடினால், அதன் அமைப்புக் கோப்பில் சேர்க்க வேண்டியது ஒரே ஒரு வரிதான்:

```
address=/use-application-dns.net/
```

நமது ஆய்வகத்தில் இந்த வரி ஏற்கெனவே இருந்திருந்தாலும் அந்தக் கம்ப்யூட்டர் தப்பித்திருக்கும். தானாக இயக்கப்பட்ட டி.ஓ.எச்.சை மட்டுமே இந்தப் பெயர் நிறுத்தும். அமைப்புகளில் Increased Protection என்பதையோ Max Protection என்பதையோ ஒருவர் கையால் தெரிவு செய்திருந்தால், நெட்வொர்க்கின் பேச்சைப் பயர்பாக்ஸ் கேட்காது. மொசில்லா செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். பூட்டில்லாத பதில் ஒன்றை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். பள்ளி அனுப்பும் அதே பதிலை, விமான நிலைய வைஃபையில் உட்கார்ந்திருக்கும் திருடனும் அனுப்பலாம். பாதுகாப்பு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டவரின் பூட்டை அவன் சொல்லிக் கழற்றக் கூடாது.

தப்பித்த கம்ப்யூட்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? அதில் பயர்பாக்ஸைத் திறந்து முகவரிப் பட்டையில் about:networking#dns என்று தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் TRR என்ற நிரலில் true என்று இருந்தால், அந்தப் பெயரின் முகவரி டி.ஓ.எச். வழியாக வந்திருக்கிறது. ரூட்டர் பக்கமிருந்தும் தடயம் கிடைக்கும். மற்றக் கம்ப்யூட்டர்களிலிருந்து நாள் முழுக்கக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். இதிலிருந்தோ பிரவுசரைத் திறந்ததும் mozilla.cloudflare-dns.com போன்ற ஒரு பெயரைக் கேட்டிருக்கும். அதன்பின் இயங்குதளத்தின் சில கேள்விகள் வரும். பார்த்த தளங்கள் எதன் பெயரும் வராது.

அந்தத் தடயத்தையே பிடியாகவும் ஆக்கிக்கொள்ளலாம். டி.ஓ.எச். சர்வரும் ஒரு பெயர்தான் என்பதால், அதன் முகவரியைப் பிரவுசர் பொதுவாக முதலில் சாதாரண டி.என்.எஸ்.ஸிடம்தான் கேட்கிறது. அந்தப் பெயரைத் தடைப் பட்டியலில் சேர்த்தால் சர்வரை அடைய முடியாது. Increased Protection தெரிவில் இருக்கும் பயர்பாக்ஸ் அப்போது பழைய டி.என்.எஸ்.ஸுக்கே திரும்பிவிடும், வடிகட்டியும் மறுபடி வேலை செய்யும். Max Protection தெரிவில் அப்படித் திரும்பாது. எந்தத் தளமும் திறக்காமல் பிழைச் செய்திதான் வரும். மாணவர் ‘நெட் போய்விட்டது’ என்று வந்து நிற்பார்.

இந்தத் தடைப் பட்டியலை நம்பி ஓய்ந்துவிட முடியாது. பெரிய நிறுவனங்களின் டி.ஓ.எச். சர்வர்களைப் பட்டியலிடலாம். வாடகைக்கு ஒரு சர்வரை எடுத்து யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒன்றை நடத்தலாம் என்பதால் பட்டியல் ஒருநாளும் முழுமை பெறாது. எண் முகவரிகளை அடைப்பதில் வேறொரு ஆபத்து உண்டு. சில சர்வர்கள் பல்லாயிரம் தளங்களைத் தாங்கும் பொது முகவரிகளில் இருக்கின்றன. ஒன்றை அடைக்கப்போய், சம்பந்தமே இல்லாத பாடத் தளமும் சேர்ந்து அடைபடும்.

கூகுள் குரோம் வேறு வழியில் போனது. 2020 மே மாதம் வந்த 83-ஆம் பதிப்பிலிருந்து, கம்ப்யூட்டர் ஏற்கெனவே பயன்படுத்தும் டி.என்.எஸ். நிறுவனம் டி.ஓ.எச். தருகிறதா என்று பார்த்து, தந்தால் அதே நிறுவனத்திடம் மட்டும் பூட்டிக் கேட்கிறது. ரூட்டரிடமே கேட்கும் ஆய்வகத்தில் அதனால் எதுவும் மாறாது. அங்கேயும் ஒருவர் அமைப்புகளுக்குள் போய் வேறு நிறுவனத்தைக் கையால் தெரிவு செய்தால் மட்டுமே வடிகட்டி தாண்டப்படும்.

உறுதியான தீர்வு ரூட்டரில் இல்லை, கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. பள்ளிக்குச் சொந்தமான கம்ப்யூட்டர் என்றால், நிர்வாகி பயர்பாக்ஸ் நிறுவப்பட்ட கோப்புறைக்குள் distribution என்ற உறையில் policies.json என்ற கோப்பை வைக்கலாம்:

```
{"policies": {"DNSOverHTTPS": {
  "Enabled": false, "Locked": true}}}
```

பிரவுசரை மூடித் திறந்ததும் அந்தத் தெரிவை மாணவரால் மாற்ற முடியாது. கோப்பு ஏற்கப்பட்டதா என்பதை about:policies பக்கம் காட்டும். குரோமில் இதற்கு DnsOverHttpsMode என்ற கொள்கை இருக்கிறது, அதை off என்று வைக்க வேண்டும். மாணவர்களுக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத கணக்குகளைத் தர வேண்டியதும் அவசியம். அதிகாரம் இருந்தால் கோப்பை அழித்துவிடுவார்கள், அல்லது வேறொரு பிரவுசரை நிறுவிக்கொள்வார்கள்.

அணைத்துப் பூட்டுவதோடு நின்றுவிடும் நிர்வாகிகளோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் மாணவர்களின் கேள்விகள் மறுபடி திறந்தவெளியில் போகும், ஆய்வகத்தின் வைஃபையில் ஒட்டுக்கேட்பவர் எவரும் படிக்கலாம். அதே கொள்கைக் கோப்பில் Enabled என்பதை true ஆக்கி, ProviderURL என்ற இடத்தில் பள்ளியே நடத்தும் டி.ஓ.எச். சர்வரின் முகவரியைக் கொடுக்கலாம். முறையான சான்றிதழ் பெற்ற ஒரு பெயர் அந்த சர்வருக்கு வேண்டும், அதைப் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும். அதன்பின் கேள்விகள் பூட்டியே போகும், வடிகட்டுவது பள்ளியின் பட்டியலாகவே இருக்கும்.

மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் போன்களில் எந்தக் கொள்கைக் கோப்பையும் திணிக்க முடியாது, திணிக்கவும் கூடாது. அவற்றுக்காக 2023-ல் RFC 9462 என்ற முறை வந்திருக்கிறது. நெட்வொர்க் தரும் டி.என்.எஸ். சர்வரிடமே, ‘உன்னிடம் பூட்டிக் கேட்க வழி உண்டா?’ என்று சாதனம் _dns.resolver.arpa என்ற சிறப்புப் பெயரில் கேட்கும். உண்டு என்ற பதில் வந்து, அதைச் சரிபார்க்கவும் முடிந்தால், அதே நெட்வொர்க்கின் டி.ஓ.எச். சர்வருக்கு மாறிக்கொள்ளும். ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 16 முதல் இதைப் பின்பற்றுகிறது. போனின் சொந்தக்காரர் வேறு சர்வரைத் தானே தேர்ந்தெடுத்திருந்தால் அந்தத் தேர்வுதான் நிற்கும். மொபைல் டேட்டாவுக்கு மாறிவிட்டால் பள்ளியின் ரூட்டருக்கு அந்தப் போனோடு எந்தத் தொடர்பும் இல்லை.