145-ஆம் எண் வவுச்சர்

திருப்பூரில் முப்பது தையல் மெஷின் ஓடும் ஒரு சிறு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். டீ, கூரியர், ஆட்டோ, நூல், மெஷின் ஆயில் போன்ற சில்லறைச் செலவுக்காகக் கேஷியரின் மேசைப் பெட்டியில் 10,000 ரூபாய் இருக்கும். செலவாக ஆக வவுச்சர் எழுதி வைப்பார்கள். வாரக் கடைசியில் அந்த வவுச்சர்களைக் கூட்டி, கூட்டுத்தொகைக்கு மேனேஜர் செக் கொடுப்பார், பெட்டியில் மறுபடி 10,000 ஆகிவிடும். ஆகவே எந்த நேரத்தில் பார்த்தாலும் பெட்டியில் உள்ள பணமும் வவுச்சர்களும் சேர்ந்து 10,000 வரவேண்டும். இந்த முறைக்கு இருக்கிற ஒரே காவல் இதுதான்.

சனிக்கிழமை மாலை பெட்டியை எண்ணினால் 4,775 ரூபாய் இருக்கிறது. கையில் உள்ள வவுச்சர்களின் கூட்டு 4,761. இரண்டையும் சேர்த்தால் 9,536. அதாவது 464 ரூபாய் குறைகிறது. கேஷியர் எங்கெங்கோ யோசிக்கிறார். 464-க்கு எதையும் வாங்கிய ஞாபகம் இல்லை. உண்மையும் அதுதான்: அந்தத் தொகைக்கு யாரும் எதுவும் வாங்கவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டிய இடம் கேஷ் புக். பெரும்பாலான கம்பெனிகளில் கேஷ் புக் எழுதுவது என்றால் வவுச்சரில் உள்ள தேதி, பெயர், தொகை மூன்றையும் வரிசையாக எழுதி அடியில் கூட்டுவது என்றே இருக்கிறது. அப்படி எழுதினால் வவுச்சரில் உள்ள பிழையும் சேர்ந்து புத்தகத்துக்குள் ஏறிவிடும். எனக்குச் சரியாகப் படும் வழி வேறு. முதலில் வவுச்சர் புத்தகத்தில் அச்சிட்ட எண்களை, இந்த வாரம் தொடங்கியதிலிருந்து முடிந்தது வரை, ஒன்று விடாமல் ஒரு பத்தியில் எழுதிவிட வேண்டும். இங்கே 141 முதல் 148 வரை. அதன் பிறகே ஒவ்வொரு வவுச்சராக எடுத்து நிரப்ப வேண்டும். எல்லாம் நிரப்பிய பிறகு 145-ஆம் வரி மட்டும் காலியாக நிற்கும். கையில் இருக்கும் தாள்களை மட்டும் பார்த்து எழுதியிருந்தால், இல்லாத தாளைக் கவனித்திருக்கவே முடியாது.

இரண்டாவது, தொகைக்கு இரண்டு பத்திகள் வேண்டும்: வவுச்சரில் எழுதியது ஒன்று, பில்லில் உள்ளது இன்னொன்று. பில்லைப் பார்க்காமல் வவுச்சர் தொகையையே இரண்டாவது பத்தியிலும் எழுதிவிடக் கூடாது. 146-ஆம் வவுச்சர் ஸ்டேஷனரிச் செலவு. வவுச்சரில் 651 என்று இருக்கிறது, பின்னால் குத்தியிருக்கும் கடை பில்லில் 615. கேஷியர் கடைக்குக் கொடுத்தது 615-தான், எழுதும்போது இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. பக்கத்து இலக்கங்கள் இப்படி இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதமின்றி வகுபடும். இங்கே வித்தியாசம் 36.

651-ஐ 615 ஆக்கினால் வவுச்சர்களின் கூட்டு 4,725 ஆகிறது. குறைவது இப்போது 464 இல்லை, முழுசாக 500. காலியாக நிற்கும் 145-ஆம் வரிக்கு முழுத்தொகை ஒன்று கிடைத்ததும் கேஷியருக்கே ஞாபகம் வந்துவிடுகிறது. “டிரைவர் அண்ணனுக்கு டீசலுக்குக் கொடுத்தேன் சார். கையெழுத்து போட்டுட்டு வவுச்சரையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிட்டார்.” ஒரு பிழை 36 ரூபாயை ஒரு பக்கம் தள்ள, இன்னொன்று 500 ரூபாயை எதிர்ப் பக்கம் இழுக்க, நடுவில் யாருக்கும் புரியாத 464 நின்றது. பணம் குறைகிறது என்று சொந்தக் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டும் கேஷியர்கள் உண்டு. அது செய்யக்கூடாத காரியம். இரண்டு பிழைகளும் அதோடு புதைந்துபோகும்.

கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்கள் குறிகளை ஒரு சூத்திரத்துக்கு விட்டுவிடலாம். வவுச்சர் தொகை E பத்தியிலும், பில் தொகை F பத்தியிலும், அனுமதித்தவர் பெயர் G பத்தியிலும் இருந்தால், H பத்தியில் இது போதும்:

```
=IF(G2="","அனுமதி இல்லை; ","")&IF(F2="","பில் இல்லை; ",IF(E2<>F2,"தொகை வேறு; ",""))
```

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அனுமதி இல்லாத இடத்தில் பழக்கதோஷத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டால், அந்தக் கட்டம் காலியில்லை என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். குறி விழாது. இல்லை என்றால் கட்டத்தைத் தொடாமல் விட வேண்டும்.

சூத்திரம் குறி போடும், தீர்ப்பு சொல்லாது. நம் வாரத்தில் 145-ஐ விட்டால் மூன்று வவுச்சர்களுக்குப் பில் இல்லை: 141 டீ, வடை 360 ரூபாய், 143 பேங்குக்குப் போய்வந்த ஆட்டோ 250 ரூபாய், 147 எலக்ட்ரீஷியன் கூலி 800 ரூபாய். மூன்றும் ஒன்றல்ல. டீக்கடையிலும் ஆட்டோவிலும் பில் கேட்டால் கிடைக்காது. அங்கே யார், எங்கிருந்து எங்கே, எதற்காகப் போனார் என்று வவுச்சரிலேயே எழுதிப் போனவர் கையெழுத்திட்டால் போதும். எலக்ட்ரீஷியனிடமும் அச்சடித்த பில் இருக்காமல் போகலாம். ஆனால் பணம் வாங்கியவரின் கையெழுத்தையாவது வாங்கியிருக்கலாம். 147-இல் மேனேஜர் அனுமதி இருக்கிறது, வாங்கியவர் கையெழுத்து இல்லை. செலவு செய்யலாம் என்று ஒருவர் சொன்னதற்குத்தான் அது சாட்சி, பணம் போய்ச் சேர்ந்ததற்கு இல்லை.

144-ஆம் வவுச்சர் இதற்கு நேர் எதிர். துணி ஏற்றிவந்த டெம்போ வாடகை 1,400 ரூபாய், பில் ஒழுங்காக இருக்கிறது, மேனேஜர் கையெழுத்து இல்லை. “பில்தான் இருக்கே சார்” என்பார்கள். டெம்போ வந்தது, பணம் வாங்கியது என்று மட்டுமே பில் சொல்லும். அந்த லோடுக்கு வாடகையை நாம் கொடுப்பதா, துணி அனுப்பியவர் கொடுப்பதா என்பது மேனேஜருக்குத்தான் தெரியும். ஆகவே அனுமதியும் பில்லும் ஒன்றுக்கொன்று ஈடாகாது, இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். விடுபட்ட கையெழுத்தை இன்று போடும்போது இன்றைய தேதியைத்தான் போட வேண்டும். பழைய தேதி போட்டால் பணம் கொடுத்த பிறகு கிடைத்த அனுமதி, முன்பே கிடைத்தது போல ஆகிவிடும்.

பில் இருக்கும் வவுச்சர்களிலும் பார்க்க இரண்டு இருக்கின்றன. பில்லின் குறுக்கே ‘பணம் கொடுத்தாயிற்று’ என்று முத்திரை குத்தாவிட்டால், அதே பில்லை அடுத்த மாதம் இன்னொரு வவுச்சருக்குப் பின்னால் குத்தலாம். பில் எண்ணையும் கேஷ் புக்கில் எழுதிவந்தால் இரட்டிப்பு தெரிந்துவிடும். வழவழப்பான தாளில் மெஷின் அடித்துத் தரும் பில்களில் எழுத்து சில மாதங்களில் மங்கிப்போகும். ஆடிட்டர் வரும்போது வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துக் குத்திவிடுங்கள்.

திங்கட்கிழமை டிரைவர் 145-ஆம் வவுச்சரையும் 460 ரூபாய்க்கு டீசல் பில்லையும் மீதி 40 ரூபாயையும் கொண்டுவந்து தருகிறார். மேனேஜர் அன்றைய தேதியிட்டு அதில் கையெழுத்திடுகிறார். பெட்டியில் 4,815, வவுச்சர்கள் 5,185, சேர்ந்து 10,000. ஆனால் மேனேஜர் கொடுக்கும் செக் 2,985 ரூபாய்க்குத்தான். லோடு கணக்கை விசாரித்து முடிக்கும்வரை 144-உம், எலக்ட்ரீஷியன் வந்து கையெழுத்துப் போடும்வரை 147-உம் சேர்ந்து 2,200 ரூபாய் கேஷ் புக்கில் குறியோடு நிற்கிறது.