மூன்றை வெளியே எடுத்தால் வழி தெரியும்

வாட்ஸ்அப்பில் பிள்ளையின் வீட்டுப்பாடத் தாள் படமாக வருகிறது: 12x² − 27, காரணிப்படுத்துக. 12, 27 இரண்டுமே முழு வர்க்கங்கள் அல்ல என்பதால் a² − b² = (a + b)(a − b) என்ற முற்றொருமை இதற்குப் பொருந்தாது எனத் தோன்றும். முதலில் பொதுக் காரணியான 3-ஐ வெளியே எடுங்கள். கிடைப்பது 3(4x² − 9). இப்போது 4x² என்பது 2x-இன் வர்க்கம், 9 என்பது 3-இன் வர்க்கம். ஆகவே விடை 3(2x + 3)(2x − 3).

சரிபார்க்க x = 2 என வையுங்கள். கணக்கில் 48 − 27 = 21; விடையில் 3 × 7 × 1 = 21. வெளியே எடுத்த 3-ஐ எழுத மறந்தால் 7தான் வரும். பிழை உடனே தெரிந்துவிடும்.

படம் மங்கலாக இருந்தால் நடுவிலுள்ள குறியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது கூட்டல் என்றால் 3(4x² + 9) என்பதோடு நிறுத்த வேண்டும். மெய்யெண்களில் அதற்கு மேல் பிரிக்க முடியாது.