‘பாலிசி நிபந்தனைகளின்படி’ என்று எழுதாதீர்கள்

மருத்துவக் காப்பீட்டில் கிளெய்ம் போட்டவர்களுக்கு அந்தக் கடிதம் தெரிந்திருக்கும். ஒன்றே கால் லட்சம் செலவழித்துவிட்டுக் காத்திருக்கும்போது ஒரே பக்கத்தில் வரும். “பாலிசி நிபந்தனைகளின்படி ரூ. 50,000 கழிக்கப்பட்டு, ரூ. 72,000 முழுமையான இறுதித் தீர்வாக வழங்கப்படுகிறது.” எந்த நிபந்தனை, எதற்கு எவ்வளவு என்று ஒரு சொல் இருக்காது.

அப்படிப்பட்ட கடிதங்களை நானே ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன். கிளெய்ம் மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவை நான் யோசித்து எழுதிய வாக்கியங்கள் அல்ல. கணினியில் ஒரு காரணக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும், வாக்கியம் தானாக வந்து விழும். அதை நிறுத்தச் சொல்லி ஒருநாள் மூன்று பக்க உள்குறிப்பு வந்தது. இனி செட்டில்மென்ட் கடிதத்தை எப்படி எழுத வேண்டும், கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கான புதிய விதிமுறை. முதலில் எல்லோரும் முணுமுணுத்தோம். ஒரு கடிதத்துக்கு நான்கு நிமிடம் போதும் என்றிருந்த இடத்தில் இருபது நிமிடம் கேட்டால் வேறென்ன செய்வது?

குறிப்பின் முதல் விதி, ‘பாலிசி நிபந்தனைகளின்படி’ என்ற சொற்றொடர் தனியாக வரக்கூடாது என்பது. கழித்த ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வரி வேண்டும். எந்த பில், பில்லில் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, பாலிசிப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எந்தப் பிரிவின்படி கழித்தோம் என்பதெல்லாம் அந்த வரியில் இருக்க வேண்டும். இது நிறுவனத்தின் தாராள மனசு அல்ல. கிளெய்மை முழுமையாகவோ பகுதியாகவோ மறுத்தால் பாலிசியின் குறிப்பிட்ட நிபந்தனையைச் சுட்டித்தான் தெரிவிக்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உத்தரவு. கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்றும் 2024 மே மாத மாஸ்டர் சுற்றறிக்கை சொல்கிறது.

வரி வரியாக எழுத உட்கார்ந்தபோதுதான் எங்கள் கணக்கே தப்பு என்பது தெரிய ஆரம்பித்தது. கணக்கை எளிதாகப் பார்க்க, முழு எண்களாக ஓர் எடுத்துக்காட்டு.

ஒருவருக்கு மூன்று லட்சத்துக்கு பாலிசி. ரூம் வாடகை வரம்பு, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு ரூ. 3,000. குடலிறக்க அறுவைக்காகச் சேர்ந்தவர் ரூ. 5,000 ரூமில் நான்கு நாள் இருந்துவிட்டார். ரூமுக்கு 20,000, அறுவை டாக்டர், மயக்க டாக்டர், தியேட்டர் எல்லாம் சேர்ந்து 60,000, உள்ளே வைத்துத் தைத்த வலைக்கு 18,000, மருந்துக்கு 14,000, பரிசோதனைகளுக்கு 8,000, கூட இருந்தவரின் சாப்பாட்டுக்கு 2,000. மொத்தம் ரூ. 1,22,000.

வரம்பை மீறிய ரூமில் இருந்தால் மற்ற செலவுகளையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். இங்கே ஐந்துக்கு மூன்று. பழைய பழக்கத்தில் சாப்பாட்டுச் செலவை நீக்கிவிட்டு, மிச்சம் 1,20,000 முழுவதையும் அந்த விகிதத்தால் பெருக்கினோம். 72,000 வந்தது. மேலே சொன்ன கடிதம் இதுதான்.

ஆனால் ரூமைப் பொறுத்து மருந்தின் விலை மாறாதே! மருந்து, பயன்பாட்டுப் பொருள்கள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் விகிதக் கழிவு செய்யக்கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020லேயே சொல்லிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்துக்கும் அது கிடையாது. ஆகவே வலை, மருந்து, பரிசோதனை மூன்றுக்கும் முழு 40,000 தர வேண்டும். ரூமுக்கு 12,000. டாக்டர், தியேட்டர் கட்டணத்தில் மட்டும் விகிதம் போட்டால் 36,000. சேர்த்தால் 88,000. ஒரே வரியில் எழுதிய கடிதம் பதினாறாயிரம் ரூபாயை விழுங்கியிருந்தது. அதை எழுதியவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

இரண்டாவது விதி கோப்பைப் பற்றியது. கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் கோப்பில் ஒரு தாள் இருக்க வேண்டும். கடைசி ஆவணம் வந்த தேதி, கணக்குப் போட்டவர் பெயர், சரிபார்த்தவர் பெயர் (இருவரும் ஒருவராக இருக்கக்கூடாது), மறுஆய்வுக் குழு பார்த்திருந்தால் அதன் பதிவு. இதோடு விகிதக் கழிவு போடும் கோப்புகளில் மருத்துவமனையின் கட்டணப் பட்டியலும் கட்டாயம் என்றார்கள். ரூமுக்கு ஏற்றபடி கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையில் விகிதக் கழிவே கூடாது என்பதும் அதே 2020 விதி. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கும் வழக்கம் எங்களிடம் இருந்ததில்லை. பெரிய ரூம் என்றால் டாக்டர் கட்டணமும் கூடத்தான் இருக்கும் என்று நாங்களாகவே முடிவுகட்டி வைத்திருந்தோம்.

மூன்றாவதாகச் சில சொற்களுக்குத் தடை. முதலில் போனது ‘முழுமையான இறுதித் தீர்வு’. வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கியவர் பிறகு வாய் திறக்க முடியாது என்று நினைக்க வைக்கிற சொல் அது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கிய கையெழுத்து என்று காட்டினால், பற்றுச்சீட்டில் கையெழுத்திட்ட காரணத்துக்காக மட்டும் கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடாது என்று அஜ்மீர் சிங் காட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் கூறியது. பற்றுச்சீட்டைக் காட்டி மேல்முறையீட்டை அடைக்கக் கூடாது என்று 2015இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யும் சுற்றறிக்கை விட்டது.

‘மறைத்துவிட்டீர்கள்’ என்ற சொல்லுக்கும் கட்டுப்பாடு வந்தது. சர்க்கரை நோய் இருந்ததாக ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருப்பது வேறு, அவர் தெரிந்தே சொல்லாமல் விட்டார் என்று நிரூபிப்பது வேறு. எந்தத் தேதியிட்ட எந்த ஆவணத்தில் அது இருக்கிறது என்று எழுத முடிந்தால் மட்டும் எழுதலாம். குற்றம் சாட்டும் வினைச்சொல் வேண்டாம்.

எங்களை அதிகம் சங்கடப்படுத்தியது கடிதத்தின் கடைசி வரி நீக்கப்பட்டதுதான். ‘பிற காரணங்களை எழுப்பும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்று எப்போதும் ஒரு வரி சேர்த்து வைப்போம். பின்னால் கை கொடுக்கும் என்ற நம்பிக்கை. கைகொடுக்காது. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை நிறுவனம் பிறகு வழக்கில் கிளப்ப முடியாது என்று 2016இல் கலாடா பவர் வழக்கிலும், 2019இல் சௌராஷ்ட்ரா கெமிக்கல்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, கடிதத்தில் இருப்பதுதான் நிறுவனத்தின் முழு வாதம். சோம்பலாக எழுதிய கடிதம் வாடிக்கையாளரைவிட நிறுவனத்தை அதிகம் கவிழ்க்கும். குறிப்பு ஏன் வந்தது என்று அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

நீக்கிய வரியின் இடத்தில் வேறொன்று வந்தது. முடிவில் திருப்தி இல்லையென்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்ற தகவல். ஐம்பது லட்சம் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்த அலுவலகம் சென்னையில். நம்மை எதிர்த்து எங்கே புகார் செய்வது என்று நாமே முகவரி கொடுப்பதா என்று ஒரு சீனியர் கேட்டார். பதில் சொல்ல யாரும் முன்வரவில்லை, முகவரி மட்டும் கடிதத்தில் தங்கிவிட்டது.

புதிய முறையில் அந்தக் குடலிறக்கக் கடிதம் இப்படி இருக்கும்: “ரூம் வாடகை: பில்லில் ரூ. 20,000, வழங்கியது ரூ. 12,000. உங்கள் பாலிசியில் நாள் வரம்பு ரூ. 3,000. டாக்டர், தியேட்டர் கட்டணம்: பில்லில் ரூ. 60,000, வழங்கியது ரூ. 36,000. மருத்துவமனையின் பட்டியலில் இந்தக் கட்டணங்கள் ரூமுக்கு ஏற்ப மாறுவதால் அதே விகிதத்தில் கழித்திருக்கிறோம். பட்டியலின் நகல் இணைப்பில்.” வலை, மருந்து, பரிசோதனைக்கு நேரே முழுத் தொகை. சாப்பாட்டுக்கு நேரே, பாலிசியில் சேராத செலவு என்ற காரணமும் பிரிவு எண்ணும்.

அந்த ‘மாறுவதால்’ என்ற ஒரு சொல்லை எழுத வேண்டுமென்றால் பட்டியல் கையில் இருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து அது வருகிறது, பொது வார்டுக்கும் தனி ரூமுக்கும் இந்த அறுவைக்கு ஒரே கட்டணம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியாது. எழுத முடியாவிட்டால் கழிக்கவும் முடியாது. 24,000 திரும்பக் கூடி, காசோலை ரூ. 1,12,000க்குப் போகும்.