தூங்காத தோழிக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து

பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவுக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். அப்படி இருக்கும் தோழிக்கு "என்றும் மகிழ்ச்சியுடன் வாழ்க" என்று அனுப்பினால், அவள் நிலை நமக்குத் தெரியவில்லை என்றுதான் படும். "நீ தெய்வம்" என்பது இன்னும் மோசம். தெய்வத்துக்கு அலுப்பு வரக் கூடாதே, பிறகு அவள் யாரிடம் புலம்புவாள்? "எதுவும் வேண்டுமென்றால் சொல்" என்பதும் யோசிக்கும் வேலையை அவள் தலையிலேயே வைக்கிறது.

அவள் செய்வதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்:

"இன்று உன் பிறந்தநாள்டீ. ராத்திரி முழுக்க அம்மாவைப் புரட்டிப் போட்டுவிட்டு, காலையில் கஞ்சி வைத்திருப்பாய். சலிப்பாக இருந்தால் அது தப்பில்லை. ஞாயிறு பத்து மணிக்கு வருகிறேன், ஒரு மணி வரை அம்மாவோடு நான் இருக்கிறேன். நீ தூங்கு. வேண்டாமென்றால் மட்டும் சொல், இதற்குப் பதில் போட வேண்டாம்."

சலிப்பு தப்பில்லை என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். பெற்ற தாயிடம் எரிச்சல் வந்துவிட்டதே என்று மருகுவதுதான் பலரை உடல் உழைப்பைவிட அதிகம் வாட்டுகிறது. ஞாயிறு போவதற்கு முன், அம்மாவை எப்படிப் புரட்டுவது, விழுங்கச் சிரமம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.