விட்ட நாளை விட மறுநாள்தான் முக்கியம்

இரவு சாப்பிட்டபின் தாமானைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கும் ஒருவர் 20 நாள் தவறவில்லை. 21ஆம் நாள் கனமழை. "எல்லாம் போச்சு" என்று மறுநாளும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுகிறார். பழக்கம் அறுவது பெரும்பாலும் அந்த மறுநாளில்தான், மழையன்று அல்ல.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தனர். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக, சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டனர். இடையில் ஒருமுறை தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை.

தட்டைக் கழுவியதும் கால் செருப்பைத் தேடுகிறதே, அந்தத் தொடர்புதான் பழக்கம். ஒருநாள் விட்டாலும் அது இருக்கும். அடுத்தடுத்து விட்டால், அதே நேரத்தில் நாற்காலியில் சாய்வது பழகத் தொடங்கும்.

ஆகவே மறுநாள் அதே நேரத்தில் செருப்பை மாட்டி, மூலைக் கடை வரை போய்வந்தாலும் போதும். விட்டதைச் சேர்த்து ஒரு மணி நேரம் நடப்பது வேண்டாம்; கால்வலி வந்தால் மூன்றாம் நாளும் போய்விடும்.

மருந்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாத்திரை விட்டுப்போனால் மருத்துவரைக் கேட்க வேண்டும்.