பாஸ்புக்கில் விழுந்த பென்ஷன் சரிதானா?

மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவரின் பாஸ்புக்கில் 27,000 ரூபாய் வரவு. சரிபார்க்க, பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையைப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அதில் அடிப்படை ஓய்வூதியம் 30,000. ஓய்வுபெற்றபோது மொத்தமாக வாங்கிய பங்குக்கு மாதம் 12,000 பிடித்தம் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் அகவிலை நிவாரணம் 50 சதவீதமாக இருந்தது. அதை முழு 30,000-க்கும் கணக்கிட வேண்டும், 15,000 வரும். வருமான வரிப் பிடித்தம் இல்லையென்றால் கணக்கில் விழவேண்டியது 33,000. பிடித்தம் போக மிஞ்சிய 18,000-க்கு மட்டும் நிவாரணம் போட்டதால்தான் 6,000 குறைந்திருக்கிறது.

வரவே இல்லையென்றால் சந்தேகம் வேறு. நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் தராவிட்டால் டிசம்பர் முதல் ஓய்வூதியம் நிற்கும். 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே தரலாம். சான்றிதழ் சேர்ந்ததும் நிலுவையும் வரும்.

தொகை குறைந்தால், வங்கியிடம் பென்ஷன் சிலிப் கேட்டு எழுத்தில் முறையிடுங்கள்.