வலக்கால் அசையவில்லை, இடக்காலில் சுடவில்லை

முதுகில், முள்ளெலும்புத் தொடரை ஒட்டி வலப்பக்கமாகக் கத்திக்குத்துப் பட்ட ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலது காலைத் தூக்க முடியவில்லை. ஆனால் அந்தக் காலில் ஊசியால் குத்தினால் 'ஆ' என்கிறார். இடது காலை நன்றாக மடக்கி நீட்டுகிறார். அதில் குத்தினாலோ வலியே தெரியவில்லை. காயம் ஒன்றுதான், பாதிப்பு மட்டும் இரண்டு கால்களுக்கும் பிரிந்து போயிருக்கிறது. நடிக்கிறாரோ என்றுகூடச் சிலருக்குத் தோன்றும். உண்மையில் தண்டுவடத்தின் வலது பாதி மட்டும் அறுபட்டால் இப்படித்தான் ஆகும்.

தண்டுவடம் ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன்தான். அதற்குள் செய்தி போய்வரும் நரம்புப் பாதைகள் பல இருந்தாலும், நோயறிய மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, மூளையிலிருந்து தசைகளுக்கு இறங்கும் இயக்கப் பாதை. இது கழுத்துக்கு மேலே, முகுளத்திலேயே பக்கம் மாறிவிடுகிறது. இரண்டாவது, கைகால் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அதிர்வையும் மூளைக்குச் சொல்லும் பாதை. தண்டுவடத்தின் பின்பகுதியில், வந்த பக்கத்திலேயே ஏறி, இதுவும் முகுளத்தில்தான் மறுபக்கம் போகிறது. ஆக, தண்டுவடத்துக்குள் இவை இரண்டும் உடலின் அதே பக்கத்துக்கு உரியவை.

மூன்றாவது, வலியையும் சூடு குளிர்ச்சியையும் கொண்டுபோகும் பாதை. இது முகுளம் வரை காத்திருப்பதில்லை. தண்டுவடத்துக்குள் நுழைந்து ஒன்றிரண்டு கூறுகள் மேலேறுவதற்குள் மறுபக்கம் போய்விடுகிறது. எனவே தண்டுவடத்தின் வலது பாதியில் ஓடுவது இடது காலின் வலி.

இப்போது நம் நோயாளியிடம் திரும்புவோம். காயம் தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் 10ஆம் கூற்றில் இருப்பதாகக் கொள்வோம். தொப்புளைச் சுற்றிய தோலின் உணர்ச்சி அந்தக் கூற்றுக்கு உரியது. அதற்குக் கீழே வலப்பக்கத்தில் இயக்கம் போகும். கண்ணை மூடச் சொல்லி வலது கால் பெருவிரலை மேலே அல்லது கீழே அசைத்தால், எந்தப் பக்கம் அசைந்தது என்று அவரால் சொல்ல முடியாது. கணுக்காலில் வைத்த இசைக்கவையின் அதிர்வும் தெரியாது. இடப்பக்கத்தில் வலியும் சூடும் மறையும். ஆனால் அது தொப்புளின் மட்டத்திலேயே தொடங்காமல், ஒன்றிரண்டு கூறுகள் தள்ளி அடிவயிற்றில் தொடங்கும். காயத்தின் மட்டத்தில், வலப்பக்கம் மட்டும், ஒரு பட்டை அளவுக்கு எல்லா உணர்ச்சியும் போயிருக்கும். அங்கே உள்ளே நுழையும் நரம்பிழைகளே சிதைந்திருப்பதுதான் காரணம்.

தொட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். மென்மையான தொடுகை ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளில் ஏறுவதால், இடது காலில் அது பெரும்பாலும் தங்கிவிடுகிறது. ஊசிமுனையும் இசைக்கவையும் தனித்தனியே தேவைப்படுவது இதனால்தான். அடிபட்ட புதிதில் வலது கால் தொளதொளவென்று கிடக்கும். நாள்கள் அல்லது வாரங்கள் கழித்தே தசை விறைக்கும். அப்போது உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி எழும்.

மொரிஷியஸில் 1817இல் பிறந்த பிரௌன்-செக்கார் என்ற மருத்துவர், விலங்குகளின் தண்டுவடத்தில் பாதியை வெட்டிச் செய்த ஆய்வுகளில், வலி தண்டுவடத்துக்குள்ளேயே பக்கம் மாறுவதைக் காட்டினார். இந்தப் பாதிப்புத் தொகுதிக்கு இன்றும் அவர் பெயர்தான். பாதி மட்டும் துல்லியமாக அறுபடுவது அரிது. அதனால் நேரில் காணும் நோயாளிகளிடம் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் பாதிப்பு கலந்தே இருக்கும். தண்டுவடக் காயங்களுக்குள் இதில் நடை திரும்பும் வாய்ப்பு நல்லது. வீட்டுக்குப் போன பிறகு கவனம் தேவைப்படுவது 'நல்ல' காலுக்குத்தான். சுடுநீர் பட்டுக் கொப்பளித்தாலும் அந்தக் காலுக்குத் தெரியாது.

கத்திக்குத்தில் காயத்தின் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. மெல்ல வளரும் கட்டி தண்டுவடத்தை ஒரு பக்கமாக அழுத்தினாலும் இதே பாதிப்புகள் வரும், அப்போது வெளியே எந்த அடையாளமும் இருக்காது. கால் பலவீனம் என்று இடுப்புக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி அகப்படாமல் போகலாம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. தொப்புள் மட்டத்துக்குரிய கூறு அதற்கு வெகு மேலே, மார்பின் 8 அல்லது 9ஆம் முள்ளெலும்பின் உயரத்தில் இருக்கிறது. வலி தெரியாத எல்லையோ உண்மையான இடத்துக்குக் கீழேயே தொடங்குகிறது. ஆகவே எல்லை தெரிந்த மட்டத்திலிருந்து மேல்நோக்கித் தேட வேண்டும். ஒரு கால் வலுவிழந்து, மறுகாலில் சூடு தெரியவில்லை என்றால், அந்த இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் தேடல் காலிலோ இடுப்பிலோ நின்றுவிடக்கூடும்.